நிமிர்ந்த காது எதற்குச் சாட்சி?

ஹைதராபாத்தின் நாய்த் தத்தெடுப்புக் குழுக்களில் பகிரப்படும் குட்டிகளின் படங்களுக்குக் கீழே ‘மிக்ஸ்’ என்ற சொல் அநேகமாகத் தவறுவதில்லை. காது நிமிர்ந்திருந்தால் ஷெப்பர்ட் மிக்ஸ், காது தொங்கி உடல் வெளிர்மஞ்சளாக இருந்தால் லேப் மிக்ஸ், கறுப்பு உடலில் கண்ணுக்கு மேல் தேன்நிறப் பொட்டு இருந்தால் ராட்வைலர் மிக்ஸ். படத்தைப் பார்ப்பவர் சில நொடிகளில் தீர்ப்பு எழுதிவிடுகிறார். இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 2024 மார்ச் 12 அன்று ஒன்றிய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கை, பிட்புல் டெரியர், ராட்வைலர் உள்ளிட்ட 23 வகை நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றுக்குத் தடை கோரியது. ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்யவும் சொன்னது. அவற்றின் கலப்பினங்களும் அதே வரிக்குள் அடக்கப்பட்டன. சம்பந்தப்பட்டோரைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதை முதன்மைக் குறையாகக் காட்டி, கர்நாடக உயர்நீதிமன்றம் அடுத்த மாதமே அதை ரத்து செய்தது. ஆயினும் அடிப்படைக் கேள்வி எஞ்சி நிற்கிறது: ஒரு நாய் கலப்பினம் என்றும், இன்ன இனத்தின் கலப்பு என்றும் எதைக் கொண்டு சொல்வது? நடைமுறையில் கிடைக்கும் விடை, தோற்றத்தைக் கொண்டு என்பதே. அந்த விடை பிழையானது. பிழை பார்ப்பவரின் கண்ணில் இல்லை, அவருடைய தர்க்கத்தில் இருக்கிறது.

உயிரின வகைப்பாட்டியலில் வில்லி ஹென்னிக் 1950இல் முன்வைத்த ஒரு நெறியை முதுநிலை உயிரியல் மாணவர் அனைவரும் படித்திருப்பர். இரண்டு உயிரினங்கள் ஒரு பண்பைப் பகிர்ந்துகொள்வதாலேயே அவை நெருங்கிய உறவினர் ஆகிவிடுவதில்லை. அந்தப் பண்பு தொன்மூதாதையிடமிருந்து பலருக்கும் வந்ததாயின் அது உறவுக்குச் சாட்சியாகாது. ஒரு கிளையில் மட்டும் புதிதாகத் தோன்றிய பண்பே சாட்சியாகும். நாயின் மூதாதை ஓநாய். ஓநாயின் காது நிமிர்ந்தது, மூஞ்சி நீண்டது, ரோமம் நேரானது. தெருநாயின் நிமிர்ந்த காது ஜெர்மன் ஷெப்பர்டிடமிருந்து வந்திருக்க வேண்டியதில்லை. இருவருக்கும் பொதுவான முதல் நாய்களுக்கும் அது இருந்திருக்கும். ஷெப்பர்டைப் போலவே காது இருக்கிறது என்பவர், ஷெப்பர்ட் தன் காதை யாரிடமிருந்து பெற்றது என்று கேட்க மறந்துவிடுகிறார்.

இந்தியாவில் இந்த மறதிக்கு விலை அதிகம். ‘மிக்ஸ்’ என்ற சொல்லுக்குள் ஒரு கற்பனை ஒளிந்திருக்கிறது: முதலில் தூய இனங்கள் இருந்தன, அவை தெருவில் கலந்து தெருநாய்கள் தோன்றின என்பது. வரலாறு இதற்கு நேர்மாறானது. இன்றைய பெரும்பாலான ஐரோப்பிய இனங்கள் 19ஆம் நூற்றாண்டின் இனப்பதிவேடுகளாலும் கண்காட்சிகளாலும் உருவம் பெற்றவை. ஊர்நாய்கள் அவற்றுக்கு மிக முந்தியவை. லாரா ஷானன், ஆடம் பாய்கோ உள்ளிட்டோர் 2015இல் வெளியிட்ட மரபணு ஆய்வு உலகின் பல பகுதிகளின் ஊர்நாய்களை ஒப்பிட்டது. தென்னமெரிக்காவிலும் தென்பசிபிக்கிலும் உள்ள ஊர்நாய்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழி வந்தவை. ஆனால் இந்தியா, வியட்நாம், எகிப்து ஆகிய நாடுகளின் ஊர்நாய்களில் ஐரோப்பியக் கலப்பு மிகக் குறைவு என்பது அதன் முடிவுகளுள் ஒன்று. மாநகரங்களில் கைவிடப்பட்ட வளர்ப்பு நாய்களால் அங்கங்கே கலப்பு நேர்வது உண்மையே. ஆயின் அது விதிவிலக்கு. விதிவிலக்கைக் கோருபவரே அதை நிறுவ வேண்டும்.

சரி, புதிதாகத் தோன்றிய பண்புகளை மட்டும் எடுத்துக்கொண்டால் படத்திலிருந்து இனத்தைச் சொல்லலாமா? ஓரளவுக்கு மட்டுமே. காரணம், பண்புகள் மரபுரிமையாக வரும் முறை. நீண்ட ரோமம், பெரும்பாலான இனங்களில், எஃப்.ஜி.எஃப்.5 எனும் மரபணுவின் ஒடுங்கு வடிவத்தால் வருவது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அது கிடைத்தால்தான் வெளிப்படும். ஆகவே அடர்ந்த ரோமமுடைய ஸ்பிட்ஸ் ஆண்நாய்க்கும் குட்டை ரோமத் தெருநாய்க்கும் பிறக்கும் குட்டிகள், தாயிடம் அந்த ஒடுங்கு வடிவம் மறைந்திருந்தாலன்றி, எல்லாமே குட்டை ரோமத்துடன் இருக்கும். பாதி ஸ்பிட்ஸான அந்தக் குட்டியைப் படத்தில் பார்ப்பவர் அதன் ரோமத்தில் ஸ்பிட்ஸைக் காணமாட்டார். மீசையும் அடர்ந்த புருவமும் இதற்கு எதிர்த்திசையில் நடப்பவை. அவை ஓங்கு பண்பு. ஒரு பெற்றோரிடமிருந்து வந்தாலே போதும். ஆகவே தெருக்குட்டியின் முகத்தில் தெளிவான மீசை தென்பட்டால் வளர்ப்பு இனக் கலப்பை ஐயுறுவதில் நியாயம் உண்டு. ஆனால் எந்த இனம் என்று அப்போதும் சொல்ல இயலாது. டெரியர், ஷ்னவுசர், ஷி ட்சு என்று பல இனங்களும் மீசைக்கான அதே மரபணு வடிவத்தைச் சுமக்கின்றன. உடலுக்குப் பொருந்தாத குட்டைக் கால்களும் அவ்வாறே: டேஷண்ட், பாசெட், கார்கி அனைத்துக்கும் அதன் மூலம் ஒன்றே. கலப்பு உண்டா என்பதற்கு ஒரு பண்பு சான்றாகலாம். எந்த இனத்தின் கலப்பு என்பதற்கு அதுவே சான்றாவது அரிது.

ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்க்கலாம். கச்சிபௌலியின் பல்கலைக்கழக வளாகத்தில் எடுத்த ஒரு படம் என்று கொள்வோம். கறுப்பு நாய், கண்ணுக்கு மேலும் மார்பிலும் கால்களிலும் தேன்நிறம், பாதி மடிந்த காது, சுருண்ட வால். ‘ராட்வைலர் கிராஸ், எச்சரிக்கை’ என்பது படத்தின் குறிப்பு.

முதலில் நிறம். கறுப்பில் தேன்நிறப் பொட்டு என்பது ஒடுங்கு பண்பு. செந்நிறம் அதை மறைக்கும். தூய ராட்வைலரிடம் இரு பிரதிகளும் பொட்டுக்கானவை. அது ஒரு தெருநாயுடன் இணைந்தால், தாயும் பொட்டு வடிவத்தைக் கொடுத்தால்தான் குட்டிக்குப் பொட்டு வரும். கொடுக்காவிட்டால் குட்டி செந்நிறமாகவே இருக்கக்கூடும். அதாவது, இந்த நாய் ராட்வைலரின் நேரடிப் பிள்ளையே ஆனாலும், அதன் நிறம் உள்ளூர்த் தாயிடமும் அந்த மரபணு வடிவம் இருந்ததைக் காட்டுகிறது. உள்ளூர் நாய்களிடையே அது இருக்குமாயின், இரண்டு உள்ளூர் நாய்களுக்கே இப்படி ஒரு குட்டி பிறக்கலாம். ராட்வைலர் தேவையே இல்லை. தென்தமிழ்நாட்டின் கன்னி நாய் இந்த நிறத்துக்குப் பெயர்பெற்றது என்பதையும் நினைவிற்கொள்ளலாம்.

அடுத்து மூஞ்சி. ராட்வைலரின் பன்னாட்டு இனத்தரம் மூஞ்சிக்கும் மண்டைக்கும் 1க்கு 1.5 என்ற விகிதத்தை வரையறுக்கிறது. அதாவது தலை நீளத்தில் மூஞ்சி 40 விழுக்காடு. தெருநாயில் இரண்டும் ஏறத்தாழச் சமம். முதல் தலைமுறைக் கலப்பு இடையில், 45 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் என்று கொண்டால், தேட வேண்டிய வேறுபாடு வெறும் 5 புள்ளிகள். ஒரு கைப்பேசிப் படத்தில் அதைக் காண முடியுமா? நாய் மோப்பம் பிடிக்க வரும்போது எடுத்த படத்தில் மூக்கு கருவியிலிருந்து 40 செ.மீ. தொலைவிலும் காதுகள் 60 செ.மீ. தொலைவிலும் இருந்தால், மூக்கு காதைக் காட்டிலும் ஒன்றரை மடங்கு பெரிதாகப் பதிவாகும். தேடும் வேறுபாட்டை இந்தப் பிழை விழுங்கிவிடும். பக்கவாட்டில், கண்மட்டத்தில், சில மீட்டர் தள்ளி நின்று எடுத்த படத்தில் மட்டுமே இந்த விகிதத்தைப் பேசுவதற்குப் பொருள் உண்டு.

மூன்றாவது உடற்கட்டு. ஆண் ராட்வைலரின் உயரம் 61 முதல் 68 செ.மீ.; எடை ஏறக்குறைய 50 கிலோ. படத்தில் அளவுகோல் இல்லை. நாய் நிற்கும் தரை ஓடு இரண்டடி என்று தெரிந்தால் உயரத்தை மதிப்பிடலாம். இல்லையேல் வெற்றிடத்தில் நிற்கும் எந்த நாயும் பெரிய நாய்தான். காதும் உதவாது. குட்டிகளின் காது பல் முளைக்கும் பருவத்தில் எழுந்தும் விழுந்தும் மாறும். கருத்தடை செய்த தெருநாயின் காதில் அடையாள வெட்டு இருக்கும். அது படத்தில் காதின் வடிவத்தையே மாற்றிக் காட்டும். ஆகவே இந்தப் படத்துக்குரிய நேர்மையான குறிப்பு இவ்வளவே: குட்டை ரோமம், கறுப்பு-தேன்நிறம், பாதி மடிந்த காது; இனம் சொல்ல ஆதாரம் இல்லை.

அனுபவமுள்ள மருத்துவருக்குக் கண் பொய் சொல்லாது என்பது வழக்கமான மறுப்பு. புளோரிடாவின் நான்கு காப்பகங்களில் மருத்துவர் உள்ளிட்ட 16 பணியாளர்களிடம் 120 நாய்களைக் காட்டிய ஆய்வு 2015இல் வெளியானது. மரபணுச் சோதனை 25 நாய்களிடம் மட்டுமே பிட்புல் வகை மரபைக் கண்டது. பணியாளருள் ஒருவரேனும் பிட்புல் என்று குறித்தவையோ 62. பணியாளர்கள் பார்த்தது படங்களை அல்ல, உயிருள்ள நாய்களை. அமெரிக்காவில், பெரும்பாலும் இனங்களின் கலப்பாகவே உருவான நாய்களிடையே இந்த நிலை என்றால், இனங்களிலிருந்தே தோன்றாத ஹைதராபாத் நாய்களிடம் கண்ணை எவ்வளவு நம்புவது?

அப்படியாயின் மரபணுச் சோதனையே தீர்வு என்று அடுத்த மறுப்பு வரும். சோதனை நாயின் மரபணுவைத் தன்னிடமுள்ள மாதிரித் தொகுப்புடன் ஒப்பிடுகிறது. அந்தத் தொகுப்பில் இந்திய ஊர்நாய் இல்லையென்றால் ‘எதிலும் சேராதது’ என்று சொல்வதற்கு மாறாக அருகில் இருக்கும் இனங்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடக்கூடும். விழுக்காடுகளுடன் வரும் அந்த அறிக்கை, வாட்ஸாப் தீர்ப்பைவிட ஆபத்தானது. ஏனெனில் அதற்கு ஆய்வகத்தின் முத்திரை இருக்கிறது. எந்த ஊர்நாய் மாதிரிகளுடன் ஒப்பிடப்பட்டது என்று கேட்காமல் அந்த அறிக்கையை ஏற்பது அறிவியல் ஆகாது.

பெயர் சூட்டுவதில் என்ன கெடுதல், குட்டிக்கு வீடு கிடைக்கிறதே என்பது கடைசி மறுப்பு. லேப் மிக்ஸ் என்று நம்பி எடுத்தவர் லேப்ரடாரின் குணத்தை எதிர்பார்ப்பார். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான பெரும் ஆய்வு ஒன்று, தனிநாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனம் விளக்குவது ஏறத்தாழ 9 விழுக்காடே என்றது. உண்மையான இனத்துக்கே நிலை இதுவென்றால் கற்பித்த இனம் எதை விளக்கும்? மறுபக்கத்தில், ‘மிக்ஸ்’ என்ற பட்டம் வாய்க்காத குட்டி வெறும் தெருநாயாகி வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. 2023 பிப்ரவரியில் அம்பர்பேட்டையில் நான்கு வயதுச் சிறுவனைக் கடித்துக் கொன்றவை தெருநாய்கள். எந்த இனப்பட்டியலும் அந்தக் குழந்தையைக் காத்திருக்காது. கடியைத் தடுக்க விரும்பும் ஆட்சி தடுப்பூசி, கருத்தடை, குப்பை மேலாண்மை, தனிநாயின் கடித்த வரலாறு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மூஞ்சியைப் பார்த்துச் சட்டம் எழுதும் ஆட்சி, அளக்க முடியாத ஒன்றின் மீது தண்டனையை நிறுத்துகிறது.

படத்தில் தெரிவதை எழுதலாம்: காது, மூஞ்சி, ரோமம், உயரம், வயது, குணம். மீசையோ பொருந்தாக் குட்டைக் காலோ இருந்தால் ‘வளர்ப்பு இனக் கலப்பு இருக்கலாம்’ என்று சேர்க்கலாம். மற்றவற்றுக்கு ‘நாட்டு நாய்’ என்ற சொல் போதும். அது அறியாமையை மறைக்கும் சொல் அன்று. இந்த நாய்களின் வரலாற்றுக்கு, கிடைக்கும் சான்றுகளின்படி, மிக நெருங்கி நிற்கும் சொல் அதுவே.