லைக் விழுந்தது… ஆர்டர் விழவில்லை!

மதுரை பழங்காநத்தத்தில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை, அதிரசம் செய்து விற்கிறார் அந்தப் பெண்மணி. பத்து வருடமாகத் தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும்தான் வாடிக்கையாளர்கள். புரட்டாசி பிறந்ததும், ‘இந்தத் தீபாவளிக்கு வெளியூருக்கும் கூரியரில் அனுப்பலாமே’ என்று ஆசை வந்தது. முறுக்கு பிழியும் ரீல்ஸ் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டார். அதன் கீழே இருந்த Boost என்ற பட்டனைத் தட்டினார். 5 நாள். வரியெல்லாம் சேர்த்து 1,500 ரூபாய் என்று திட்டம்.

முதல் தட்டிலேயே ஒரு தடை. ரீல்ஸில் பழைய சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காப்புரிமை உள்ள பாட்டு இருந்தால் அந்தப் பதிவை விளம்பரமாக்க முடியாது. பாட்டை எடுத்துவிட்டு, எண்ணெயில் முறுக்கு பொரியும் சத்தத்தை மட்டும் வைத்து மறுபடி ஏற்றினார். பாட்டைவிட அந்தச் சத்தம்தான் நாக்கில் எச்சில் ஊற வைத்தது என்பது வேறு விஷயம்.

5 நாள் முடிந்தபோது வீட்டில் ஒரே கொண்டாட்டம். 900 லைக், புதிதாக 90 ஃபாலோயர்கள். தமிழே தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் ‘நைஸ் ஆன்ட்டி’ என்று கமென்ட். ஆனால், நோட்டில் ஏறிய ஆர்டர் இரண்டே இரண்டு.

சென்னையில் ஒரு ஜவுளி நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்க்கும் அக்கா மகள் அந்த வாரம் ஊருக்கு வந்திருந்தாள். போனை வாங்கிப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, “சித்தி, பூஸ்ட் பண்ணும்போது உங்களுக்கு என்ன வேணும்னு அது கேட்டுச்சே, என்ன சொன்னீங்க?”

“அது என்னமோ கேட்டுச்சுடி. முதல்ல இருந்ததைத் தொட்டுட்டுப் போயிட்டேன்.”

முதலில் இருந்தது More profile visits. அதாவது, ‘என் பக்கத்தை நிறைய பேர் வந்து பார்க்கட்டும்’. யாருக்குக் காட்ட வேண்டும் என்ற இடத்தில் Automatic என்று இருந்ததையும் அவர் மாற்றவில்லை.

“அப்போ அது சரியாத்தான் வேலை பார்த்திருக்கு சித்தி. பார்க்கிறவங்களைக் கேட்டீங்க, பார்க்கிறவங்களைக் கொடுத்திருக்கு. வாங்குறவங்களை நீங்க கேட்கவே இல்லையே!”

விஷயம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் விளம்பரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் காட்டுவதில்லை. கோடிக்கணக்கானவர்களில் யார் எதைப் பார்த்தால் என்ன செய்வார்கள் என்று அவை ஓரளவு கணித்து வைத்திருக்கின்றன. சிலர் போகிற போக்கில் லைக் போடுவார்கள், பணம் எடுக்க மாட்டார்கள். சிலர் லைக்கே போட மாட்டார்கள், நேராக விலை கேட்பார்கள். லைக்கோ, பக்கத்தைப் பார்ப்பதோதான் இலக்கு என்று சொன்னால் முதல் வகை ஆட்களைத் தேடிப்போய்க் காட்டும். அவர்கள் மலிவாகக் கிடைப்பார்கள். விசாரிப்பவர்கள் வேண்டும் என்றால் இரண்டாம் வகை. ஒருவருக்குக் காட்ட ஆகும் செலவு இதில் கூடுதல்.

சித்தியின் கணக்கு இப்படி. 1,500 ரூபாய்க்கு 2 ஆர்டர் என்றால், ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 750 ரூபாய். சராசரி ஆர்டரே 780 ரூபாய்தான். அதில் அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், டப்பா, கூரியர் எல்லாம் போக அவர் கையில் நிற்பது 240 ரூபாய். ஆக, ஓர் ஆர்டருக்கு 510 ரூபாய் கைக்காசு போயிருக்கிறது.

“இனி இந்தப் பக்கமே தலைவைக்க மாட்டேன்” என்றார் சித்தி. “பட்டன் மேல தப்பு இல்ல, வாங்க” என்று பக்கத்தில் உட்கார வைத்தாள் மகள்.

Ads Manager என்ற தனிச் செயலியைப் போனில் இறக்கினாள். சித்தி பூஸ்ட் செய்ததும் அங்கே ஒரு விளம்பரமாகப் பதிவாகியிருந்தது. இரண்டும் ஒரே கடைதான். பூஸ்ட் என்பது வாசலில் வாங்கிக்கொண்டு போவது, இது உள்ளே போய்ப் பார்த்து எடுப்பது. இங்கே ஒரு விளம்பரம் மூன்று அடுக்காக இருக்கும். மேலே நோக்கம். நடுவில் யாருக்கு, எங்கே, எவ்வளவு செலவில் என்ற விவரம். கீழே மக்கள் கண்ணில் படும் படமோ வீடியோவோ.

நோக்கத்தில் Engagement, அதற்குள் வாட்ஸ்அப்பில் பேச்சைத் தொடங்குபவர்கள் வேண்டும் என்று குறித்தாள். ஊராகச் சென்னை, கோவை, பெங்களூரு. மதுரையை வேண்டுமென்றே விட்டாள். உள்ளூர்க்காரர்கள் கூரியருக்குக் காசு கொடுத்து முறுக்கு வாங்கப் போவதில்லை. வயது 25-க்கு மேல். கீழ் அடுக்கில் இரண்டு விளம்பரம். ஒன்று அதே முறுக்கு வீடியோ. இன்னொன்று அதிரசத் தட்டின் போட்டோ. அதிலேயே விலையும், குறைந்தது ஒரு கிலோ வாங்க வேண்டும் என்ற விவரமும் எழுதியிருந்தது.

“விலையைப் போட்டா ஓடிடுவாங்களேடி?”

“ஓடுறவங்க முன்னாடியே ஓடட்டும் சித்தி. வாட்ஸ்அப்ல வந்து, விலை கேட்டுட்டு ஓடினா அதுக்கும் சேர்த்துல்ல நாம காசு கட்டணும்!”

நாளைக்கு 250 ரூபாய், 7 நாள் என்று முடிவானது. மொத்தம் 1,750. அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. 315 ரூபாய். ஆக 2,065.

இரண்டாம் நாள் காலையிலேயே சித்திக்குக் கை பரபரத்தது. முதல் நாள் மூன்றே பேர்தான் விசாரித்திருந்தார்கள். சென்னைக்குப் போன் போட்டு, “பெங்களூரை எடுத்துட்டுத் திருச்சியைப் போடட்டுமா?” என்றார். “தொடாதீங்க! தோசை ஊத்தின உடனே திருப்பினா கல்லுலதான் ஒட்டும்” என்றாள் மகள்.

அவள் சொன்னதற்குக் காரணம் உண்டு. புது விளம்பரம் ஓடத் தொடங்கியதும், யாருக்குக் காட்டினால் விசாரிக்கிறார்கள் என்று அந்த ஏற்பாடு சோதித்துப் பார்க்கும். Learning என்று திரையிலேயே போட்டிருக்கும். ஒரு வாரத்தில் சுமார் 50 பேர் நாம் கேட்டதைச் செய்த பிறகுதான் அது நிலைக்கு வரும். நடுவில் ஊரையோ, படத்தையோ மாற்றினால், தொகையைப் பெரிதாகக் கூட்டினால் படிப்பு மறுபடி முதலிலிருந்து. இதனால்தான் நாளைக்கு 100 ரூபாயை மூன்று விளம்பரத் தொகுப்புகளுக்குப் பிரித்துப் போடுவது வீண். எதற்குமே 50 பேர் சேர மாட்டார்கள்.

இன்னொரு தலைவலியும் வந்தது. வாட்ஸ்அப்பில் வருகிற பாதிப் பேர் “Hello! Can I get more info on this?” என்று அனுப்பிவிட்டு, பதில் போட்டால் காணாமல் போனார்கள். அது அவர்கள் எழுதியதே அல்ல. பட்டனைத் தொட்டதும் தானாக வந்து நிற்கும் வாசகம். கைபட்டு வந்தவர்களும் கணக்கில் சேர்ந்துவிடுவார்கள். அடுத்த முறை விளம்பரம் போடும்போது அந்த வாசகத்தை, ‘எந்த ஊருக்கு, எத்தனை கிலோ என்று சொல்கிறேன்’ என்று தமிழில் மாற்றிவிடலாம் என்று மகள் குறித்துவைத்தாள்.

ஒரு வாரம் முடிந்தது. விசாரித்தவர்கள் 58 பேர். ஒருவருக்கு 30 ரூபாய் என்று செயலி காட்டியது. வரியைச் சேர்த்தால் 35 ரூபாய்க்கும் மேல். செயலி காட்டுவது வரிக்கு முந்தைய கணக்கு என்பதால் நோட்டில் தனியாக எழுதிக்கொள்வது நல்லது. 58 பேரில் வாங்கியவர்கள் 17 பேர். 2,065-ஐ 17-ஆல் வகுத்தால் ஓர் ஆர்டருக்கு விளம்பரச் செலவு 121 ரூபாய் சொச்சம். 240-இல் அது போக, மிச்சம் 119 ரூபாய் கிட்டத்தட்ட. 17 ஆர்டருக்கும் சேர்த்து 2,015 ரூபாய். பெரிய தொகை இல்லை, நஷ்டமும் இல்லை. வீடியோவைவிட விலை போட்ட அதிரசப் போட்டோவுக்குத்தான் அதிக விசாரிப்பு. அது தெரிந்ததும், பணத்தில் பெரும்பகுதியைச் செயலியே அந்தப் பக்கம் திருப்பிவிட்டிருந்தது. பூஸ்ட்டில் இந்த வசதி கிடையாது. ஒரு பதிவு, அது போனால் போனதுதான்.

அப்படியானால் பூஸ்ட்டே வேண்டாமா? ஐப்பசி முதல் வாரத்தில் அதற்கும் ஒரு வேளை வந்தது. அண்ணாநகரில் ஒரு மண்டபத்தில் இரண்டு நாள் தீபாவளிச் சந்தை. சித்தி அங்கே ஒரு மேஜை எடுத்திருந்தார். “இதுக்கும் அந்த மூணு அடுக்கா?” என்று கேட்டார். “வேணாம் சித்தி, பூஸ்ட் போதும்” என்றாள் மகள்.

இங்கே யாரும் வாட்ஸ்அப்பில் வர வேண்டியதில்லை, ஆர்டர் சொல்ல வேண்டியதில்லை. மண்டபத்தைச் சுற்றியிருப்பவர்களுக்கு, ‘சனி, ஞாயிறு இங்கே இருக்கிறோம்’ என்று தெரிந்தால் போதும். மூன்று நாள்தான் அவகாசம் என்பதால், சோதித்துப் பார்த்து நிலைக்கு வரவும் நேரம் இல்லை. மண்டபத்தின் முகவரியைக் குறித்து, சுற்றி 6 கிலோமீட்டர் என்று வைத்தார்கள். Automatic-ஐ விட்டால் பணம் ஊர் ஊராகச் சுற்றும். நாளைக்கு 200 ரூபாய், வெள்ளி தொடங்கி ஞாயிறு வரை. மேஜைக்கு வந்தவர்களிடம் சித்தி, “எப்படிங்க தெரிஞ்சுது?” என்று ஒவ்வொருவராகக் கேட்டு நோட்டில் கோடு போட்டார். போனைக் காட்டியவர்கள் 23 பேர். இந்தக் கணக்கை எந்தச் செயலியும் தராது, வாயால் கேட்டால்தான் உண்டு.

பூஸ்ட்டிலேயே More messages என்ற இலக்கும் இருக்கிறது. வாட்ஸ்அப் எண்ணை இணைத்துவிட்டு அதைத் தேர்ந்தெடுத்தால், செலவழிக்க 500 ரூபாய்தான் இருக்கிறது என்பவர்களுக்கு அது நடுவழி. இரண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது, நுணுக்கமான விவரங்கள் குறைவு. ஆனால், லைக்குக்குக் காசு கட்டுவதைவிட எவ்வளவோ மேல். சொந்த இணையதளத்தில் கடை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பூஸ்ட் பக்கம் போக வேலை இல்லை. யார் வந்து பார்த்தார், யார் பணம் கட்டினார் என்று தளத்திலிருந்து தகவல் சொல்லும் பிக்ஸல் என்ற சிறு நிரலைப் பொருத்தி, Sales என்ற நோக்கத்தில்தான் அவர்கள் விளம்பரம் போட வேண்டும்.

ஐபோன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செயலிக்குள்ளிருந்தே பூஸ்ட் செய்தால், ஆப்பிள் நிறுவனம் 30 சதவீதம் தனிக் கட்டணம் எடுக்கும் என்று 2024-இல் மெட்டாவே அறிவித்தது. அதே வேலையை பிரவுசரில் இன்ஸ்டாகிராமைத் திறந்து செய்தால் அந்தக் கட்டணம் இல்லை. சித்தியிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. பிழைத்தார்.

தீபாவளி முடிந்து, கார்த்திகைக்குப் பொரி உருண்டை போட்டார். இந்த முறை விளம்பரம் எதுவும் போடவில்லை. வாட்ஸ்அப்பில் இருந்த அந்த 17 எண்களுக்கும் ஒரு போட்டோ அனுப்பினார். நான்கு பேர் அன்று மாலையே முகவரி அனுப்பியிருந்தார்கள்.

“சித்தி, இந்த நாலையும் அந்த 2,065-ல எழுதிக்கங்க” என்றாள் மகள் போனில். சித்தி நோட்டைத் திருப்பி, 17 என்ற எண்ணை அடித்துவிட்டு 21 என்று எழுதினார்.