முடி கொட்டும் முன் ஒரு போட்டோ!

கீமோதெரபி ஆரம்பிக்கப் போகிறது என்று டாக்டர் சொன்னதும், "முடி போயிடுமா டாக்டர்?" என்று கேட்கிற பெண்களைப் பார்த்துச் சிலர் சிரிப்பதுண்டு. "உயிரே பெரிசு, முடி என்னம்மா முடி!" என்பார்கள். சிரிக்காதீர்கள். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போக முடியாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடப்பவருக்குத்தான் அதன் வலி தெரியும்.

எல்லா கீமோ மருந்துக்கும் முடி கொட்டுவதில்லை. உங்களுக்குத் தரும் மருந்து எப்படி என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கொட்டும் வகை என்றால், முதல் ஊசி போட்ட இரண்டு, மூன்று வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்கு முன்னாலேயே போட்டோ எடுத்துவிட வேண்டும் என்பதே என் கட்சி. கொட்டிய பிறகு, நெற்றி எங்கே முடிந்தது, முடி எங்கே தொடங்கியது என்பது வீட்டுக்காரருக்குக்கூட நினைவிருக்காது!

வில்லியனூரிலிருந்தோ பாகூரிலிருந்தோ கோரிமேடு ஜிப்மருக்கு பஸ் பிடித்துப் போய் வருகிறவர், விக் கடை கடையாக ஏறி இறங்குவது நடக்கிற காரியமா? செல்போனில் முகத்தின் மேல் விக் படத்தை வைத்துப் பார்த்து, பணம் கட்டி, கூரியரில் வாங்குவதுதான் சுலபம். ஆனால் அந்தப் படம் லேசில் ஏமாற்றிவிடும். விரலால் இழுத்தால் விக் பெரிதாகும், சின்னதாகும். யாருக்கும் பொருந்தத்தானே செய்யும்?

பாகூரில் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். முடியைப் படிய வாரிப் பின்னால் கட்டிக்கொண்டு, ஐந்தாறு அடி தள்ளி நின்று, போனைக் கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லி எடுக்கிறார். (கை நீட்டித் தானே எடுத்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒதுங்கிவிடும்.) பிறகு மகள் ஸ்கேலை வைத்து இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே அளக்கிறாள்: 6 சென்டிமீட்டர். ஸ்டுடியோவில் போட்ட பிரிண்டில் அதே இடம் 3 சென்டிமீட்டர். ஆகவே படம் சரி பாதி அளவு. புருவ நடுவிலிருந்து முடி தொடங்கும் இடம் வரை அம்மாவுக்கு நிஜத்தில் 6 சென்டிமீட்டர். படத்தில் 3 வரவேண்டும். கடைக்காரர் விக் வைத்து அனுப்பிய படத்தை அதே அளவுக்கு பிரிண்ட் போட்டு அளந்தால் 2¼தான் இருக்கிறது. நெற்றியில் ஒன்றரை சென்டிமீட்டரை விக் தின்றுவிட்டது! அப்படி இறங்கினால் வயது குறைந்து தெரியும் என்று கடையில் சொல்வார்கள். எனக்கென்னவோ அது தொப்பி மாதிரிதான் தெரிகிறது. உங்கள் பழைய கோடே உங்களுக்கு அழகு. முன் ஓரத்தில் முடி அடர்த்தியாக, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். நிஜ முடி ஓரத்தில் மெலிந்து, முன்னும் பின்னுமாகத்தானே இருக்கும்?

அடுத்தது வகிடு. போனின் முன்பக்க கேமராவில் எடுத்தால் பல போன்களில் கண்ணாடி போல இடம் வலம் மாறிவிடும். இடது வகிடு எடுத்துப் பழகியவர் வலது வகிடு விக்கை ஆர்டர் செய்துவிடுவார். முகத்தில் ஒரு மச்சத்தை அடையாளம் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். நடு வகிடு எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. குங்குமத் தொல்லை உண்டு! விக்கின் வகிட்டில் இருப்பது மெல்லிய வலை. அதில் சிவப்பு ஏறினால் லேசில் போகாது. ஆகவே குங்குமத்தை நெற்றியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அந்த வலையின் நிறம்தான் பலரும் பார்க்கத் தவறுவது. வெள்ளைக்காரர் தலைக்கென்று வெளிறிய நிறத்தில் வரும் வலை, நம் தலையில் சுண்ணாம்புக் கோடு போட்ட மாதிரி இருக்கும். வகிட்டுத் தோலின் நிறம் முகத்தை விடக் கொஞ்சம் வெளுப்பாக இருக்கலாம். அதனால் இரண்டையும் படத்தில் காட்டுங்கள். டியூப்லைட் வேண்டாம், காலையில் திண்ணை நிழல் போதும். கன்னத்தருகே ஒரு வெள்ளைத்தாள் பிடியுங்கள். படத்தில் தாள் நீலமாகவோ மஞ்சளாகவோ தெரிந்தால் தோல் நிறமும் பொய். முகத்தைச் சிவப்பாக்கிக் காட்டும் போனின் 'அழகு' வசதியையும் மறக்காமல் நிறுத்திவிடுங்கள். சில கீமோ மருந்துகளில் தோல் கறுப்பதும் உண்டு. பார்சல் வந்ததும் அதே திண்ணையில் வலையை உச்சந்தலையருகே வைத்து மறுபடி ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம் என்பதை ஆர்டர் செய்யும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் எந்த முகப்படமும் காட்டாது: பின்கழுத்து. கொண்டை போட்டால் விக்கின் அடி ஓரம் வெளியே எட்டிப் பார்க்கும். கொண்டைக்காரர்கள் அதே விக்கில் கொண்டை போட்டு, பின்னாலிருந்தும் பக்கவாட்டிலும் எடுத்த படங்களைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.