எந்த மாதம், எவ்வளவு என்று எழுதுவது மரியாதைக் குறைவா?

ஆபீசுக்குக் கடிதம் எழுதும்போது பணிவு காட்டவேண்டும் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டோம். அதனால் அவர்கள் விவரத்தை விட்டுவிட்டுப் பணிவை மட்டும் எழுதுகிறார்கள். இது எனக்கு ஒப்பாத விஷயம். காத்திவாக்கத்திலிருந்து எண்ணூர், மணலி என்று பயிற்சிக்குப் போகும் பிள்ளைகள் ஏராளம். ஸ்டைபண்ட் நின்றுபோனால் வீட்டில் புலம்புவார்களே தவிர, ஹெச்.ஆருக்கு உருப்படியாக ஒரு வரி எழுதத் தயங்குவார்கள்.

டிசம்பர் 4ஆம் தேதி எங்கள் தெருப் பெண் ஒருத்தி, "தாத்தா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று மொபைலை நீட்டினாள். டிப்ளமா முடித்து ஒரு கம்பெனியில் ஜூலையிலிருந்து பயிற்சியில் இருக்கிறாள். அங்கே இன்டர்ன் என்றுதான் அழைக்கிறார்களாம். கையிலிருப்பது அப்ரண்டிஸ் ஒப்பந்தம். அவள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: "மேடம், ரொம்ப நாளாகச் சம்பளம் வரவில்லை. அம்மா கம்மலை அடகு வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து கருணை காட்டுங்கள்."

முதலில் 'சம்பளம்' என்ற சொல்லை எடுத்தேன். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் 18ஆம் பிரிவு, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி அல்ல என்கிறது. சம்பளம் என்று கேட்டால், "உனக்குச் சம்பளமே கிடையாதே" என்று ஒரு வரியில் கதவைச் சாத்திவிடலாம். ஒப்பந்தத்தில் உள்ள சொல் ஸ்டைபண்ட், அதையே எழுதவேண்டும்.

அடுத்து கம்மல். படிக்க எனக்கே மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நான் வருஷக்கணக்கில் டைம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவன். இரக்கத்தை வைத்து எந்தக் குமாஸ்தாவும் பில் போட முடியாது. அவருக்கு வேண்டியது பயிற்சியாளர் எண், பிரிவு, மாதம், தொகை. உரிமையாக வரவேண்டிய பணத்துக்குக் கருணை கேட்பானேன்?

பிறகு மாதக் கணக்கு. "எத்தனை மாசம்மா பாக்கி?" என்றேன். "மூணு தாத்தா. செப்டம்பர், அக்டோபர், நவம்பர்." இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். ஒரு மாத ஸ்டைபண்டை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கொடுக்கவேண்டும் என்பது 1992ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் விதிகளில் உள்ளது. நவம்பருக்கு உரியதைக் கொடுக்க டிசம்பர் 10 வரை அவகாசம் உண்டு. அதையும் சேர்த்து மூன்று என்று எழுதினால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் கிடப்பில் போடுவார்கள். 'நவம்பர் ஸ்டைபண்ட்' என்றால் நவம்பரில் வேலை பார்த்ததற்கா, நவம்பரில் வரவேண்டியதற்கா என்ற குழப்பமும் உண்டு. 'மாதத்துக்கான' என்று எழுதிவிட்டால் அது தீர்ந்தது.

கடைசியில் ஆங்கிலத்தில் அனுப்பியதைத் தமிழில் தருகிறேன். பொருள் வரியிலேயே இரண்டு மாதங்களின் பெயரும் அவளுடைய பயிற்சியாளர் எண்ணும் இருந்தன.

"மதிப்பிற்குரிய மேடம், வணக்கம். ஜூலை 1 முதல் அப்ரண்டிஸாகப் பயிற்சி பெற்று வருகிறேன், இப்போது பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களுக்கான ஸ்டைபண்ட் கிடைத்தது, நன்றி. செப்டம்பர், அக்டோபர் மாதங்களுக்கான தொகை, மாதம் 9,000 வீதம் 18,000 ரூபாய், இன்று வரை என் கணக்கில் வரவாகவில்லை. வருகைப் பதிவிலோ வங்கி விவரத்திலோ குறை இருந்தால் தெரிவியுங்கள், உடனே சரிசெய்து தருகிறேன். எந்தத் தேதிக்குள் எதிர்பார்க்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். பாஸ்புக் பக்கத்தை இணைத்துள்ளேன்."

கிடைத்த மாதங்களையும் சொல்லியிருப்பதைப் பாருங்கள். வங்கிக் கணக்கு சரியாக இருக்கிறது, தடை செப்டம்பரில்தான் வந்தது என்று படிப்பவருக்கு அதிலேயே விளங்கிவிடும். சட்டத்தின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்டாள். முதல் கடிதத்தில் வேண்டாம் என்றேன். ஒரு வாரம் பார்த்துவிட்டு, அதே மெயிலுக்குக் கீழேயே நினைவூட்டலாம். அதற்கும் அசைவில்லை என்றால் டிப்ளமா, டிகிரி அப்ரண்டிஸ்களுக்குத் தரமணியில் தென்மண்டலப் பயிற்சி வாரியம் இருக்கிறது. அந்தக் கடிதத்தில் 10ஆம் தேதி விதியைத் தாராளமாக எழுதலாம்.

அந்த அளவுக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் பதில் வந்தது. செப்டம்பர் நடுவில் அவளை வேறு ஷாப்பிலிருந்து பராமரிப்புக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய ஷாப்பின் வருகைத் தாள் கையெழுத்தாகி வரவில்லை, அதனால் அக்டோபரும் சேர்ந்து நின்றிருக்கிறது. மறுநாள் அந்த சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டாள். நவம்பருக்கானதோடு சேர்த்துப் போடுவதாக எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.