தவணை மாறவில்லை, வருஷம்தான் மாறியது

2023 தீபாவளிக்கு மதுரையில் அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். 2021 மார்ச்சில் அவன் வாங்கிய அபார்ட்மெண்ட். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, "மாமா, லோன் ஸ்டேட்மெண்ட்டைக் கொஞ்சம் பாருங்களேன். மாசாமாசம் ஒழுங்காக் கட்டுறேன், பாக்கி குறையவே மாட்டேங்குது" என்று ஒரு தாளை நீட்டினான்.

பார்த்தவுடன் எனக்கு வெற்றிலை கசந்தது. ஏனென்றால் அந்தக் கடனை வாங்கச் சொன்னவன் நான்தான். முப்பத்தோரு வருஷம் வங்கியில் வேலை பார்த்தவன், அதில் ஏழு வருஷம் கடன் பிரிவு என்பதால் எங்கள் குடும்பத்தில் யார் கடன் வாங்கினாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அன்று அவனுக்கு இரண்டு வழி இருந்தது. ஒரு இடத்தில் ஃப்ளோட்டிங் வட்டி 7 சதவிகிதம். இன்னொரு இடத்தில் ஃபிக்சட் 9 சதவிகிதம். "ரெண்டு சதவிகிதம் அதிகமாக் கொடுக்க உனக்குப் பைத்தியமா? ஃப்ளோட்டிங்கே எடு. வட்டி ஏறினாலும் தவணை மாறாது, வருஷம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்" என்றேன். அந்த 'கொஞ்சம்' என்ற வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

எண்களை முழுசாக்கிச் சொல்கிறேன். கடன் ரூ.30 லட்சம், 20 வருஷம், அதாவது 240 தவணை. 7 சதவிகித வட்டிக்கு மாதத் தவணை ரூ.23,259. அப்படியே கடைசிவரை போனால் மொத்தம் கட்டுவது ஏறக்குறைய ரூ.55.8 லட்சம், அதில் வட்டி மட்டும் ரூ.25.8 லட்சம்.

2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை வெளி அளவுகோல் ஒன்றோடு கட்டிவைக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பெரும்பாலான வங்கிகள் எடுத்துக்கொண்டது ரெப்போ வட்டியை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை. நாம் வாங்கும்போது ரெப்போ 4 சதவிகிதம், அதற்குமேல் வங்கியின் பங்கு 3 சதவிகிதம், ஆக 7. பிறகு 2022 மே மாதம் ஏற ஆரம்பித்த ரெப்போ ஆறு தடவை ஏறி 2023 பிப்ரவரியில் 6.5 சதவிகிதத்தில் நின்றது. நம்ம பையனின் வட்டி 9.5 ஆகிவிட்டது.

இனிமேல்தான் விஷயம். நடுவில் படிப்படியாக ஏறியதை விட்டுவிட்டு, சரியாக இரண்டு வருஷம் முடிந்ததும் ஒரே நாளில் ஏறியதாக வைத்துக்கொள்கிறேன். (உண்மைக் கணக்கு இதைவிடக் கொஞ்சம் மோசம்.) 24 தவணை கட்டிய பிறகு அசல் பாக்கி ரூ.28.52 லட்சம். அதற்கு 9.5 சதவிகிதத்தில் ஒரு மாத வட்டி எவ்வளவு? 28.52 லட்சத்தை 9.5-ஆல் பெருக்கி 1,200-ஆல் வகுத்தால் ரூ.22,579 வருகிறது. அவன் கட்டும் தவணை ரூ.23,259. ஆக, அசலில் கழிவது மாதம் வெறும் ரூ.680!

இப்படிக் கழிந்தால் கடன் முடிய எத்தனை தவணை ஆகும்? 448. பாக்கி இருந்திருக்க வேண்டியது 216. பதினெட்டு வருஷம் முப்பத்தேழு வருஷத்துக்கும் மேலே போய்விட்டது. பையனுக்கு அப்போது 36 வயது. வட்டி இறங்கவே இல்லை என்று வைத்துக்கொண்டால் மொத்த வட்டி ரூ.25.8 லட்சத்திலிருந்து கிட்டத்தட்ட ரூ.80 லட்சம் ஆகிறது. வட்டி ஏறியது இரண்டரை சதவிகிதம். வட்டித் தொகை மூன்று மடங்கு.

பொதுவாக ஓய்வு வயதைத் தாண்டினால் வங்கியே தவணையை ஏற்றிவிடும் என்பார்கள். இவன் விஷயத்தில் அது நடக்கவில்லை. குறுஞ்செய்தி ஒன்று வந்ததாம், 'உங்கள் வட்டி விகிதம் மாற்றப்பட்டுள்ளது' என்று. கணக்கிலிருந்து அதே 23,259 தான் போனது. எந்த மனுஷன் சந்தேகப்படுவான்?

இதே இடத்தில் தவணையை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று சாயங்காலமே கணக்குப் போட்டோம். பழைய 216 தவணைக்குள் முடிக்க மாதம் ரூ.27,606 கட்ட வேண்டும். கூடுதல் ரூ.4,347. மொத்த வட்டி ரூ.35.2 லட்சத்தில் நிற்கும். மாதம் நாலாயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தைத் தவிர்த்ததற்கு விலை ரூ.44 லட்சத்துக்கும் மேலே.

அவன் மனைவி உடனே கேட்டாள்: "அப்போ அந்த ஒம்பது பர்சன்ட் ஃபிக்சட்டே எடுத்திருக்கலாமே மாமா?" நியாயமான கேள்வி. அதையும் போட்டுப் பார்த்தேன். 9 சதவிகிதத்தில் 20 வருஷத்துக்குத் தவணை ரூ.26,992, மொத்த வட்டி ரூ.34.8 லட்சம். அதாவது ஃப்ளோட்டிங் எடுத்து, இரண்டே வருஷத்தில் இரண்டரை சதவிகிதம் ஏறி, அது கடைசிவரை இறங்காமலே இருந்தாலும்கூட, தவணையை உடனே ஏற்றியவனுக்கு ஃபிக்சட்காரனைவிட வெறும் நாற்பதாயிரம் ரூபாய்தான் கூடுதல். 80 லட்சத்தைக் கொண்டுவந்தது ஃப்ளோட்டிங் வட்டி அல்ல, அசையாமல் விட்ட தவணை.

ஃபிக்சட் என்ற பெயரையும் நம்பிவிடாதீர்கள். நம் ஊரில் பல ஃபிக்சட் கடன்கள் முதல் இரண்டு, மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குத்தான் ஃபிக்சட். ஒப்பந்தத்தின் உள்ளே பொடி எழுத்தில் 'அதன்பின் மாற்றியமைக்கப்படும்' என்றிருக்கும். இன்னொன்று, தனிநபர் வாங்கிய ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டிக் கட்டினால் வங்கிகள் அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஃபிக்சட்டில் அந்த அபராதம் இருக்கலாம். கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

இப்போது என்னிடம் யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான். ஃப்ளோட்டிங் எடு, ஆனால் ஃபிக்சட் எடுத்ததாக நினைத்துக்கொண்டு முதல் மாதத்திலிருந்தே ஃபிக்சட் தவணையைக் கட்டு. நம்ம கணக்கில் 23,259-க்குப் பதில் முதல் நாளிலிருந்தே 26,992. இரண்டு வருஷத்தில் அசல் ரூ.27.56 லட்சமாக இறங்கியிருக்கும். அதற்குப் பிறகு வட்டி 9.5-க்கு ஏறி இறங்காமலே நின்றாலும், அதே 26,992-ஐக் கட்டிக்கொண்டிருந்தால் மொத்தம் 234 தவணையில் முடிந்துவிடும். ஃபிக்சட்காரனுக்கு 240. நடுவில் வட்டி இறங்கினால் இன்னும் சீக்கிரம். இறங்கவும் செய்தது: 2025 பிப்ரவரியிலிருந்து ஜூன் வரை ரெப்போ மூன்று தடவையாக ஒரு சதவிகிதம் குறைந்தது. முழுக் காலத்துக்கும் ஃபிக்சட் எடுத்தவர் அதைப் பேப்பரில் படித்ததோடு சரி.

26,992 கட்ட முடியாதவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். அவர் 30 லட்சம் கடன் வாங்கக் கூடாது, 25-ஓ 26-ஓ வாங்க வேண்டும் என்பேன். கடுமையாகத் தோன்றும். ஆனால் 23,259 மட்டுமே கட்ட முடிந்தவர், வட்டி ஏறும்போது வருஷத்தை நீட்டுவதைத் தவிர வேறு வழியில்லாதவர். மாதம் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது, தொகையையும் குறைக்க முடியாது என்ற நிலையில் இருப்பவருக்குக் காலம் முழுவதும் உண்மையாகவே மாறாத ஃபிக்சட் கிடைத்தால், அவர் அதை எடுப்பதில் தப்பில்லை. நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

கூடுதலாகக் கட்டும்போது ஒரு எச்சரிக்கை. சில இடங்களில் அதை அடுத்த மாதத் தவணைக்கு முன்பணமாக வரவு வைத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் வட்டி குறையாது. 'அசலில் கழிக்கவும்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஸ்டேட்மெண்ட்டில் அசல் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நம் வயதுக்காரர்களில் சிலர் இதைப் படித்துவிட்டு, முடியப்போகும் பழைய கடனை நினைத்துப் பதறக் கூடும். பதற வேண்டாம். இதே 30 லட்சக் கடனில் இதே இரண்டரை சதவிகிதம் பதினைந்தாவது வருஷ முடிவில் ஏறினால், பாக்கி ரூ.11.75 லட்சம்தான் இருக்கும். தவணையைத் தொடாமல் விட்டாலும் ஐந்து மாதம்தான் கூடும். இரண்டாம் வருஷத்தில் அதே ஏற்றம் கூட்டியது 232 மாதம். வட்டி மொத்தமும் பாக்கி அசலின் மேல்தானே ஓடுகிறது, அசல் மலைபோல் நிற்கும் ஆரம்ப வருஷங்களில்தான் அது அடிக்கும். ஆகவே கவலைப்பட வேண்டியது புதிதாகக் கடன் வாங்கிய நம் பிள்ளைகளைப் பற்றி. பலர் அந்தக் கடனில் கூட்டாகக் கையெழுத்தும் போட்டிருப்பீர்கள்.

அவர்கள் தாளை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, ஒவ்வொரு காலாண்டுக்கும் இதுவரை கழிந்த அசல், வட்டி, தவணைத் தொகை, பாக்கித் தவணை எத்தனை, வட்டி விகிதம் எல்லாம் கொண்ட ஸ்டேட்மெண்ட் கிடைக்க வேண்டும். வட்டி மாறும்போது தவணையை ஏற்றவா, காலத்தை நீட்டவா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யவா என்று கடன்காரரைக் கேட்கவும் வேண்டும். நான் சொன்ன பெருக்கலைப் போடுங்கள்: பாக்கியை வட்டியால் பெருக்கி 1,200-ஆல் வகுக்க வேண்டும். வருகிற தொகை தவணையை ஒட்டி இருந்தால், அந்த வீட்டில் கடன் கரையவில்லை.

நம்ம பையன் அந்த டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துத் தவணையை ஏற்றிக்கொண்டான். ஒரு சிட்டை மூடியதில் கொஞ்சம் கை கொடுத்தது, மீதிக்குச் சிக்கனம்தான். 2025-இல் வட்டி இறங்கியபோது "தவணையைக் குறைக்கச் சொல்லட்டா மாமா?" என்று போன் பண்ணினான். ஆயிரத்து அறுநூறு ரூபாய் போலக் குறையும், ஆனால் குறைக்காமல் விட்டால் இருபது மாதத்துக்கும் மேலே முன்னதாகவே முடியும் என்றேன். இந்தத் தடவை 'கொஞ்சம்' என்று சொல்லாமல் தாளில் போட்டே அனுப்பினேன். அவன் மனைவி இப்போதெல்லாம் சமையலறைக் காலண்டரில் ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக் கட்டத்தில் பாக்கித் தவணை எண்ணை எழுதி வைக்கிறாளாம்.