"கேட்டு எத்தினி மணிக்குப் பூட்டுவீங்க?"

கடந்த ஜூனில் எங்கள் தெருவைச் சேர்ந்த சித்தப்பா தன் மகளுடன் சென்னை வந்தார். அவளுக்கு ஒரு தனியார் அலுவலகத்தில் முதல் வேலை. பத்து வருடமாக இங்கே ஹாஸ்டல் மாறி ஹாஸ்டல் மாறிப் படித்தும் ஆய்வு செய்தும் வருகிறவள் என்பதால், இடம் பார்க்க என்னைக் கூப்பிட்டார். ஒரே நாளில் மூன்று லேடீஸ் ஹாஸ்டல் ஏறி இறங்கினோம். மூன்றிலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: "கேட்டு எத்தினி மணிக்குப் பூட்டுவீங்க?"

இரண்டாவது இடத்தில் எட்டரை என்றார்கள். ஐந்து நிமிடம் தாமதமானாலும் வீட்டுக்கு போன் வரும் என்றார் வார்டன். அதைக் கேட்ட பிறகுதான் சித்தப்பாவின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. ஆனால் தங்கைக்கு வேலை முடிவதே எட்டு மணிக்கு. அங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் ஆகும். இந்த ஹாஸ்டலில் சேர்ந்தால் வாரத்தில் ஆறு நாளும் பூட்டிய கேட்டுக்கு வெளியே, இருட்டில், கெஞ்சிக்கொண்டு நிற்க வேண்டும். தெருவில் ஆபத்து என்று சொல்லித்தான் கேட்டைப் பூட்டுகிறோம். அந்தப் பூட்டே அவளைத் தெருவில் நிறுத்திவிடுகிறது.

பெற்றோரின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் பயம் எங்கே பார்க்க வேண்டுமோ அங்கே பார்ப்பதில்லை. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் பிளக் பாயின்ட் உள்ளிட்ட இடங்களில் ரகசியக் கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டன. கைதானவர் விடுதியை நடத்தியவரேதான். 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் விடியற்காலை ஃபிரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்தது. பெண்கள் இறந்தார்கள். இரண்டிலுமே ஆபத்து கேட்டுக்கு உள்ளேதான் இருந்தது.

அதனால் மூன்றாவது இடத்தில் கேள்விகளை நான் கேட்டேன். பெண்கள் விடுதிகளையும் குழந்தைகள் இல்லங்களையும் முறைப்படுத்த 2014-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி விடுதி நடத்த மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். தீயணைப்பு, கட்டட உறுதி, சுகாதாரச் சான்றுகள் வேண்டும். பெண்கள் விடுதிக்குப் பெண் வார்டன் வேண்டும். "உரிமத்தின் நகலைக் காட்டுங்கள்" என்றேன். மேலாளர் அம்மா முதலில் முறைத்தார். பிறகு எடுத்துக் காட்டினார். எந்த வருடம் வரை செல்லும் என்று பார்த்தோம். மாடிக்குப் போய் இரண்டாவது படிக்கட்டு திறந்திருக்கிறதா, கம்பி போட்ட ஜன்னல் தவிர வேறு வெளியேறும் வழி உண்டா, இரவில் கேட் சாவி யாரிடம் இருக்கும் என்று கேட்டோம். முதல் இரண்டு ஹாஸ்டல்களும் உரிமத்தைக் காட்டவில்லை. 'அப்ளை பண்ணியிருக்கோம்' என்ற பதில் மட்டும் கிடைத்தது. காகிதம் எல்லா ஆபத்தையும் தடுத்துவிடாது, ஒளித்து வைத்த கேமராவை அது கண்டுபிடிக்காது. ஆனால் உரிமம் கேட்டாலே எரிச்சல்படும் இடத்தில், நாளை நம் பெண் ஒரு புகாரோடு போய் நிற்க முடியாது.

பிறகு ஏன் எல்லோருக்கும் கேட் நேரம் மட்டுமே போதுமானதாக இருக்கிறது? பதில் அதே வரவேற்பறையில் கிடைத்தது. இன்னொரு அப்பா குரலைத் தாழ்த்தி, "என்ன ஆளுங்கல்லாம் தங்கியிருக்காங்க?" என்று கேட்டார். "எல்லாம் நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கதான் சார்" என்றார் மேலாளர். இருவருக்கும் புரிந்துவிட்டது. அகமணமே சாதியின் உயிர்நாடி என்று 1916-இல் அம்பேத்கர் எழுதினார். அந்த அப்பாவுக்குக் கேட் என்பது மகள் யாரோடும் பழகிவிடாமல் காக்கும் வேலி. அவர் 'சேஃப்டி' என்று சொல்வதில் பாதி இதுதான்.

சித்தப்பாவும் வெளியே வந்ததும் என்னிடம், "நம்ம ஆளுங்க யாராச்சும் இருக்காங்களா பாப்பா?" என்று கேட்டார். ஏறக்குறைய அதே கேள்விதான், ஆனால் அர்த்தம் வேறு. ரூம்மேட் ஊர் பேரைக் கேட்டுவிட்டு, பிறகு தட்டைத் தனியாக வைத்தால் என் மகள் யாரிடம் போய்ச் சொல்வாள் என்பதுதான் அவர் பயம். எனக்கு அது நடந்திருக்கிறது. அந்தப் பயத்துக்கு எந்தக் கேட்டும் மருந்தில்லை.

பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவிகள் விடுதிகளில் மட்டும் பாகுபாடான விதிகள் வைக்கக் கூடாது என்று யுஜிசி-யின் 2015 விதிமுறைகளே சொல்கின்றன. அது கல்லூரிகளுக்கானது. வேலைக்குப் போகிற பெண்ணுக்குக் கேட் நேரத்தைத் தீர்மானிப்பவர்கள் ஹாஸ்டல்காரரும், அதைக் கேட்டு நிம்மதியடையும் நாமும்தான்.

தங்கை மூன்றாவது ஹாஸ்டலில் சேர்ந்தாள். அங்கே பத்தரை வரை வரலாம், தாமதமானால் ஒரு மெசேஜ் போதும். வாடகை ஐந்நூறு ரூபாய் அதிகம். பஸ் ஏறும் முன் சித்தப்பா என் நம்பரோடு மேலாளர் நம்பரையும் தன் பட்டன் போனில் போட்டுக்கொண்டார். "ராத்திரி கூப்ட்டு வந்துட்டியான்னு கேக்கலாமில்ல?" என்றார்.

"கேளுங்க சித்தப்பா. கூடவே, அங்க எப்படி நடத்துறாங்கன்னும் கேளுங்க."