இரு பெயர் கொண்ட ஓர் எண்: ஸ்டோரி பாயிண்ட் வழி ஈட்டிய மதிப்பு

ஸ்க்ரம் முறையில் நடக்கும் மென்பொருள் திட்டங்களுக்கு ஈட்டிய மதிப்பு முறை பொருந்தாது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 2006இல் டமாரா சுலைமான், பிரென்ட் பார்ட்டன், தாமஸ் பிளாக்பர்ன் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, ஸ்டோரி பாயிண்டுகளை மட்டுமே கொண்டு ஈட்டிய மதிப்பைக் கணிக்க முடியும் என்றும், அக்கணிப்பு தரும் வெளியீட்டுத் தேதி சராசரி வேகத்தைக் கொண்டு கணிக்கும் தேதியோடு ஒத்துப்போகும் என்றும் இயற்கணித வழியில் காட்டியது. இம்முடிவு இன்று பெரும்பாலும் ஒரு வெற்றியாகவே வகுப்பறைகளில் சொல்லப்படுகிறது. அதே முடிவை ஓர் எச்சரிக்கையாகவும் வாசிக்கலாம். இரண்டு வழிகளும் ஒரே விடையைத் தருகின்றன என்றால், இரண்டாவது வழி புதிதாக எதைச் சொல்கிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

1967இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வகுத்த அளவுகோல்களிலிருந்து வளர்ந்த மரபு முறையில், முழுப் பணியும் முதலிலேயே பகுக்கப்பட்டு, ஒவ்வொரு பணித் தொகுப்புக்கும் தனித்தொகை ஒதுக்கப்படும். அத்தொகைகளைக் காலவரிசையில் அடுக்கினால் எஸ் வடிவ வளைவு ஒன்று கிடைக்கும். அதுவே திட்டமிட்ட மதிப்பு. ஒரு தொகுப்பு முடிந்ததும் அதற்கு ஒதுக்கிய தொகை ஈட்டப்பட்டதாகக் கொள்ளப்படும். பாதி முடிந்த தொகுப்பை எப்படி மதிப்பிடுவது என்பதில்தான் மரபு முறைக்குத் தீராத தலைவலி. ‘தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது’ என்ற அறிக்கை மாதக்கணக்கில் அப்படியே நிற்பதை அத்துறையினர் நன்கு அறிவர். வடிவமைப்பு ஆவணம் முடிந்தாலே மதிப்பு ஈட்டப்பட்டுவிடுவதால், இயங்கும் மென்பொருள் ஒரு வரிகூட இல்லாமல் திட்டம் பாதி முடிந்ததாகக் கணக்குக் காட்டவும் முடியும்.

ஸ்டோரி பாயிண்ட் முறை இவ்விடத்தில் தெளிவாகவே மேலானது. ஸ்டோரி ஒன்று, ‘முடிந்தது’ என்பதற்குக் குழு வகுத்த வரையறையை நிறைவேற்றினால் முழுப் புள்ளி, இல்லையேல் சுழி. சோதனை முடியாத நிரல் எதையும் ஈட்டாது. இந்த நன்மையை மறுப்பதற்கில்லை. கணக்கும் எளிது. N என்பது திட்டமிட்ட ஸ்பிரின்ட்களின் எண்ணிக்கை, n என்பது முடிந்தவை, BAC என்பது மொத்த வரவுசெலவு, AC என்பது உண்மைச் செலவு எனில்:

```
PV  = (n / N) × BAC
EV  = (முடிந்த புள்ளிகள் / மொத்தப் புள்ளிகள்) × BAC
SPI = EV / PV
CPI = EV / AC
```

முதலாவது சுட்டெண் கால அட்டவணையையும் இரண்டாவது செலவையும் பற்றியது. கற்பனைத் திட்டம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பல்கலைக்கழகத்தின் தேர்வு முடிவு இணையவாசலுக்கு 200 புள்ளிகள், இரண்டு வார அளவுள்ள 10 ஸ்பிரின்ட்கள், ரூ. 1 கோடி எனத் திட்டமிடப்படுகிறது. குழு மாறாததால் ஸ்பிரின்ட் ஒன்றுக்குச் செலவு ரூ. 10 லட்சம். முதல் நான்கு ஸ்பிரின்ட்களில் முறையே 10, 15, 18, 21 என மொத்தம் 64 புள்ளிகள் முடிகின்றன. திட்டமிட்ட மதிப்பு ரூ. 40 லட்சம். 200இல் 64 என்பது 32 விழுக்காடு ஆதலால் ஈட்டிய மதிப்பு ரூ. 32 லட்சம். கால அட்டவணைச் சுட்டெண் 0.8.

செலவுச் சுட்டெண்ணும் 0.8தான். இது தற்செயல் அன்று. நிலையான குழுவின் உண்மைச் செலவு ஸ்பிரின்ட்களின் எண்ணிக்கையோடு நேர்விகிதத்தில் ஏறுகிறது. இம்முறையில் திட்டமிட்ட மதிப்பும் அப்படியே ஏறுகிறது. ஆகவே இரண்டு சுட்டெண்களுக்கும் கீழே நிற்பது ஒரே தொகை. ஒரே எண்ணுக்கு இரண்டு பெயர்கள் சூட்டப்பட்டு, அறிக்கையில் இரண்டு கட்டங்களில் அச்சாகின்றன. மரபு முறையில் இந்நிலை அரிது. அங்கே பொருள் கொள்முதல், துணை ஒப்பந்தம், ஆள்பலம் எல்லாம் வெவ்வேறு வேகத்தில் செலவாகும்.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு நேரடிப் பாடம் உண்டு. நிலையான குழுக்களிலிருந்து திரட்டிய தரவில் இவ்விரு சுட்டெண்களையும் தனித்தனி விளக்க மாறிகளாகத் தொடர்புப் போக்குச் சமன்பாட்டில் இட்டால், ஒன்று மற்றொன்றின் நகலாகவே இருக்கும். கெழுக்களுக்குப் பொருள் இராது. அவற்றுக்கிடையே காணப்படும் மிக உயர்ந்த ஒட்டுறவை ‘செலவுக்கும் காலத்துக்கும் உள்ள வலுவான தொடர்பு’ என்று முடிவுரையில் எழுதுவது, ஒரு பொருளைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு இரண்டு பொருள்கள் உண்டு என்பது போன்றது. தரவைத் தொடும் முன், ஒவ்வொரு ஸ்பிரின்ட்டிலும் உண்மைச் செலவைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்துப் பார்த்தால் போதும். விடை எப்போதும் 1 எனில் அங்கே இருப்பது ஒரு மாறி மட்டுமே.

செலவுச் சுட்டெண் தனிக்குரல் பெறுவது குழுவின் அளவு மாறும்போதுதான். மேற்கண்ட திட்டத்தில் மூன்றாம் ஸ்பிரின்ட்டின் தொடக்கத்தில் சிலர் விலகி, செலவு ரூ. 8 லட்சமாகக் குறைந்தும் அதே 64 புள்ளிகள் முடிந்தன என்று கொண்டால், உண்மைச் செலவு ரூ. 36 லட்சம்; செலவுச் சுட்டெண் ஏறத்தாழ 0.89. அதே சுட்டெண் இறுதிவரை நீடிக்குமானால் முடிவுச் செலவு ரூ. 1.125 கோடி. கால அட்டவணைச் சுட்டெண்ணோ 0.8இலேயே நிற்கிறது. இப்போது இரண்டு எண்களும் இரண்டு செய்திகளைச் சொல்கின்றன. பணியாளர் மாற்றம் மிகுந்த இந்தியச் சேவை நிறுவனங்களின் திட்டங்களில் இது நடைமுறையில் பயன்படக்கூடிய வேறுபாடுதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பணிவரம்பு மாறும்போது எழுகிறது. நான்காம் ஸ்பிரின்ட்டின் முடிவில் பல்கலைக்கழகம் மறுமதிப்பீட்டு விண்ணப்ப வசதியையும் கேட்கிறது. அதற்கு 40 புள்ளிகள். மொத்தம் 240 ஆகிறது. வரவுசெலவைத் தொடாமல் சூத்திரத்தில் இட்டால், 240இல் 64 என்பது 26.7 விழுக்காடு. நேற்று ரூ. 32 லட்சமாக இருந்த ஈட்டிய மதிப்பு இன்று ரூ. 26.7 லட்சமாகச் சுருங்குகிறது. முடிந்த பணி எதுவும் அழியவில்லை. ஆனாலும் சுட்டெண் 0.8இலிருந்து 0.67க்கு விழுகிறது. அறிக்கையை மட்டும் பார்க்கும் உயரதிகாரிக்குக் குழு திடீரெனத் தளர்ந்துவிட்டதாகவே தோன்றும்.

மரபு முறையில் இது நேராது. அங்கே அடிப்படைத் திட்டத்தை மாற்ற முறையான ஒப்புதல் வேண்டும். புதிய பணி தனக்குரிய தொகையோடு உள்ளே வரும். முன்பு ஈட்டியது ஈட்டியதாகவே நிற்கும். அந்த ஒழுங்கை ஸ்டோரி பாயிண்ட் முறைக்கும் கொண்டுவர முடியும். அடிப்படைத் திட்டத்தில் புள்ளி ஒன்றின் விலை ரூ. 50,000. அதே விலையில் 40 புள்ளிகளுக்கு ரூ. 20 லட்சத்தையும் 2 ஸ்பிரின்ட்களையும் சேர்த்தால், மொத்தம் ரூ. 1.2 கோடியும் 12 ஸ்பிரின்ட்களும் ஆகும். ஈட்டிய மதிப்பு மீண்டும் ரூ. 32 லட்சம், திட்டமிட்ட மதிப்பு ரூ. 40 லட்சம், சுட்டெண் 0.8. இரண்டு கணக்குகளும் இறுதியில் 15 ஸ்பிரின்ட், ரூ. 1.5 கோடி என்றே கணிக்கின்றன. வேறுபடுவது பழி யார்மீது என்பது மட்டுமே. ஒப்பந்தத்தில் தாமதத்துக்கு அபராதம் இருக்குமானால், அந்த ‘மட்டுமே’ சிறிய சொல் அன்று.

வெளியீட்டு பர்ன்அப் வரைபடம் இதை எந்தச் சூத்திரமும் இன்றிக் காட்டிவிடுகிறது. அதில் இரண்டு கோடுகள் உண்டு: முடிந்த புள்ளிகளின் ஏறுகோடு ஒன்று, மொத்தப் பணிவரம்பைக் குறிக்கும் மேல்கோடு மற்றொன்று. சராசரி வேகம் 16 புள்ளி. பழைய மேல்கோடான 200ஐ ஏறுகோடு தொடுவது 12.5ஆம் ஸ்பிரின்ட்டில், புதிய மேல்கோடான 240ஐத் தொடுவது 15இல். ஐந்து ஸ்பிரின்ட் தாமதத்தில் சரிபாதி குழுவின் வேகத்தால் வந்தது, மறுபாதி கூடுதல் கோரிக்கையால் வந்தது. 0.67 என்ற ஒற்றை எண் இவ்விரண்டையும் கலந்து ஒரே குவளையில் தந்துவிடுகிறது.

வரைபடம் இன்னொன்றையும் காட்டும். 10, 15, 18, 21 என்ற வரிசையில் கோட்டின் சரிவு செங்குத்தாகிக்கொண்டே போகிறது. கடைசி மூன்றின் சராசரி 18. சுட்டெண் திரள்கணக்கு ஆதலால், குழு இன்னும் பழகிக்கொண்டிருந்த முதல் ஸ்பிரின்ட்டின் சுமையை இறுதிவரை தூக்கிக்கொண்டு நடக்கிறது.

காலச் சுட்டெண்ணைப் பற்றி மரபு முறையினரிடையே ஒரு பழைய மனக்குறை உண்டு. எவ்வளவு தாமதமான திட்டமும் முடியும்போது ஈட்டிய மதிப்பு மொத்தத் தொகையை எட்டிவிடுவதால், சுட்டெண் 1 ஆகிவிடும். வால்ட் லிப்கே 2003இல் முன்வைத்த ஈட்டிய காலம் என்னும் கருத்து இக்குறையைத் தீர்க்கவே பிறந்தது. ஸ்டோரி பாயிண்ட் முறையில் திட்டமிட்ட மதிப்பு நேர்கோடாக இருப்பதால் இங்கே ஓர் எதிர்பாராத அனுகூலம் கிடைக்கிறது: பத்தாம் ஸ்பிரின்ட்டுக்குப் பின்னும் n / N வளர விடப்பட்டால், சுட்டெண் லிப்கேயின் அளவையோடு அப்படியே ஒத்துப்போகும். 200 புள்ளிகளும் 12.5 ஸ்பிரின்ட்களில் முடிந்தால் அது 0.8 என்றே நிற்கும். திட்டமிட்ட மதிப்பை ரூ. 1 கோடியில் நிறுத்திவிடும் விரிதாள்களில் மட்டும் அது 1க்கு ஏறிவிடுகிறது. வரவுசெலவைத் தாண்டிய திட்டமிட்ட மதிப்பு கணக்காளர்களுக்கு உறுத்தலாகத்தான் இருக்கும். எனினும் பொய்யான 1ஐக் காட்டிலும் அந்த உறுத்தல் மேல்.

புள்ளிகளின் வீக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எல்லா ஸ்டோரிகளும் ஒரே விகிதத்தில் வீங்கினால் தீங்கில்லை. ஈட்டிய மதிப்பு ஒரு விகிதம் ஆதலால் வீக்கம் தானே கழிந்துவிடும். முடியும் தறுவாயில் உள்ளவை மட்டும் வீங்குவதே ஆபத்து. அடுத்த ஸ்பிரின்ட்டில் 16 புள்ளிப் பணி 24 என எழுதப்பட்டு, மொத்தம் 200 ஆகவே விடப்பட்டால், 40 விழுக்காடாக இருக்க வேண்டியது 44 ஆகிவிடும். மொத்தத்தையும் எட்டு கூட்டினாலும் 42.3. ஒவ்வொரு ஸ்டோரிக்கும் அடிப்படைத் திட்டத்தில் இட்ட புள்ளியைத் தனிப் பத்தியில் மாற்றாமல் வைத்து, அதைக் கொண்டு ஈட்டிய மதிப்பை இன்னொரு முறை கணித்தால், இரண்டு கணக்குக்கும் உள்ள இடைவெளியே வீக்கத்தின் அளவு. கணினித் துறைகளின் பயிற்சித் திட்டங்களில் மாணவர் குழுக்கள் இப்பத்தியை வைப்பதில்லை. புள்ளியை மாற்றும்போது பழையதன்மேலேயே எழுதிவிடுகின்றன. ஆண்டின் இறுதியில் அத்தரவை வைத்து மதிப்பீடு செய்பவருக்கு, வேகம் கூடியதா புள்ளி வீங்கியதா என்று பிரித்தறிய வழியே இருப்பதில்லை.