வாழைத்தண்டு ஜூஸும் கொள்ளு சூப்பும் கல்லைக் கரைக்குமா?

முதுகின் ஒரு பக்கத்தில் தொடங்கி அடிவயிறு வரை சுண்டி இழுக்கும் வலி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிறுநீரகக் கல். ரிப்போர்ட் வீட்டுக்கு வந்ததுமே ஆலோசனைகளும் வந்துவிடும். “வெறும் வயிற்றில் வாழைத்தண்டு ஜூஸ் குடி” என்பார் மாமியார். “கொள்ளு வேகவைத்த தண்ணியைக் குடிங்க, எங்க வீட்டுக்காரருக்கு ஒரே வாரத்துல கல் விழுந்துடுச்சு” என்பார் பக்கத்து வீட்டு அக்கா. அவர் பொய் சொல்லவில்லை. கல் விழுந்தது உண்மைதான். ஆனால், அதை விழவைத்தது கொள்ளுத் தண்ணீர்தானா என்பதுதான் கேள்வி.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு 4 மில்லிமீட்டர் கல், சிறுநீர்க்குழாயின் கீழ்ப்பகுதிக்கு இறங்கிவிட்டது. இன்னொருவருக்கு 9 மில்லிமீட்டர் கல், அதே குழாயின் மேல்பகுதியில் சிக்கி நிற்கிறது. இருவரும் தினமும் காலையில் ஒரு டம்ளர் வாழைத்தண்டு ஜூஸ் குடிக்கிறார்கள். பத்து நாளில் முதலாமவருக்குக் கல் வெளியேறுகிறது. இரண்டாமவருக்கு ஒரு மாதம் ஆகியும் அசையவில்லை.

இந்த வித்தியாசத்துக்குக் காரணம் ஜூஸ் அல்ல, கல்லின் அளவும் அது இருக்கும் இடமும்தான். 4 மில்லிமீட்டர் வரையிலான கற்கள் பத்தில் எட்டு பேருக்கு எந்த மருந்தும் இல்லாமலே வெளியேறிவிடும். சிலருக்குச் சில நாள்கள், சிலருக்கு நான்கைந்து வாரங்கள் ஆகலாம். அளவு கூடக்கூட இந்த வாய்ப்பு குறையும். 9 மில்லிமீட்டர் கல் பாதிப் பேருக்குக்கூடத் தானாக வருவதில்லை. முதலாமவர் அந்தப் பத்து நாளும் என்ன குடித்திருந்தாலும், பாராட்டு அதற்கே போயிருக்கும். இரண்டாமவரின் கதையை யாரும் அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை. அதனால்தான் வெற்றிக் கதைகள் மட்டுமே நம் காதில் விழுகின்றன.

சரி, இவை கல்லைக் கரைக்குமா? பெரும்பாலானவர்களுக்கு உருவாவது கால்சியம் ஆக்ஸலேட் கல். இதைக் குடித்துக் கரைக்கும் மருந்து அலோபதியிலேயே இல்லை. யூரிக் அமிலக் கல்லை மட்டும் கரைக்க முடியும். அதற்கும் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தை, டாக்டரின் கண்காணிப்பில் சரியான அளவில் எடுக்க வேண்டும்.

வாழைத்தண்டைப் பற்றி ஆய்வுகள் இல்லாமல் இல்லை. வாழைத்தண்டுச் சாறு கொடுத்த எலிகளின் சிறுநீரில் ஆக்ஸலேட் குறைந்ததாக 1990-களிலேயே இந்திய ஆய்வு ஒன்று வெளியானது. ஆனால், எலியின் சிறுநீரில் ஓர் உப்பு குறைவது வேறு, மனிதரின் சிறுநீரகத்தில் இருக்கும் கல் கரைவது வேறு. கொள்ளு ஒரு படி மேலே. 2010-ல் வெளியான ஓர் இந்திய ஆய்வில், கல் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொள்ளும், மற்றவர்களுக்குப் பொட்டாசியம் சிட்ரேட் மருந்தும் கொடுத்து ஒப்பிட்டார்கள். கொள்ளு எடுத்தவர்களிடம் நல்ல பலன் தெரிந்ததாக முடிவு வந்தது. ஆனால், அதில் கலந்துகொண்டவர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. அதை மட்டும் வைத்து கொள்ளை மருந்து என்று சொல்லிவிட முடியாது.

இவற்றைவிட உறுதியான ஆதாரம் எதற்கு இருக்கிறது தெரியுமா? சாதாரணத் தண்ணீருக்கு! இத்தாலியில் முதல்முறை கல் வந்த 199 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஐந்து வருடங்கள் கவனித்தார்கள். ஒரு குழுவினர் தினமும் 2 லிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடித்தார்கள். மற்றவர்கள் வழக்கம்போல இருந்தார்கள். 1996-ல் வெளியான முடிவுப்படி, தண்ணீர் குடித்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்குத்தான் மீண்டும் கல் வந்தது. மற்ற குழுவில் 27 பேருக்கு.

வாழைத்தண்டு ஜூஸும் கொள்ளு சூப்பும் பயன்படுவது இந்த இடத்தில்தான். அவற்றில் பெரும்பகுதி தண்ணீர். ஆனால், ஒரு டம்ளர் என்பது 200 மில்லிதான். நாளுக்குத் தேவையான இரண்டரை, மூன்று லிட்டரில் அது ஒரு சிறு பங்கு. காலையில் ஜூஸ் குடித்துவிட்டு, மாலை வரை வெயிலில் தண்ணீர் இல்லாமல் வேலை பார்த்தால் பயன் இல்லை. போதுமான அளவு குடிக்கிறோமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. விடுமுறை நாளில், காலை முதல் மறுநாள் காலை வரை போகும் சிறுநீரை அளவு குறித்த பாட்டிலில் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு லிட்டருக்குக் குறைந்தால் தண்ணீர் போதவில்லை.

செய்முறையிலும் ஒரு கவனம் தேவை. கொள்ளு ரசத்திலும் சூப்பிலும் உப்பைத் தாராளமாகப் போடுவது நம் வழக்கம். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் அதிகமாக வெளியேறும், அது புதிய கல்லுக்கு வழிவகுக்கும். ஆகவே உப்பைக் குறைத்து, மிளகு, சீரகம், பூண்டில் ருசி சேர்க்கலாம். வாழைத்தண்டை நார் எடுத்து அரைத்து, தண்ணீர் சேர்த்து வடிகட்டி, உப்பில்லாமல் எலுமிச்சைச் சாறு பிழிந்து குடிக்கலாம். எலுமிச்சையில் உள்ள சிட்ரேட், கல் உருவாவதைத் தடுக்க உதவும். சிறுநீரகச் செயல்பாடு ஏற்கெனவே குறைந்தவர்கள் மட்டும் வாழைத்தண்டு ஜூஸைத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே பாதிக்கலாம்.

இன்னொரு தவறும் நடக்கிறது. வலி உச்சத்தில் இருக்கும்போது, ‘கல்லைத் தள்ளிவிடும்’ என்று லிட்டர் கணக்கில் குடிக்கவைக்கிறார்கள். அப்படிக் குடிப்பதால் கல் சீக்கிரம் இறங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. வாந்திதான் அதிகமாகும். அப்போது தேவை வலி குறைக்கும் சிகிச்சை.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வலி நின்றதும் கல் போய்விட்டது என்று நினைப்பது. கல் ஒரே இடத்தில் அடைத்து நின்றாலும் சில நாளில் வலி குறைந்துவிடலாம். வெளியேற முடியாத சிறுநீர் பின்னால் தேங்கி, சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். நாம் பார்த்த 9 மில்லிமீட்டர்காரர் வலியில்லாமல் ஜூஸ் குடித்துக்கொண்டே மாதங்களைக் கடத்தினால் நேரக்கூடியது இதுதான். அதனால், சிறிய கல் என்று டாக்டர் காத்திருக்கச் சொன்னாலும், டீ வடிகட்டி ஒன்றை இதற்கென ஒதுக்கி, சிறுநீரை அதன் வழியே விட்டுப் பாருங்கள். கல் கிடைத்தால் பரிசோதனைக்குக் கொடுக்கலாம், எந்த வகை என்று தெரிந்துவிடும். கிடைக்காவிட்டால், டாக்டர் சொன்ன தேதியில் மறுபடி ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும்.

வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீர் வராமல் போவது, நிற்காத வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வலி வந்த உடனேயே போக வேண்டும். அடைப்போடு கிருமித்தொற்றும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அந்த நேரத்தில் கொள்ளு ஊறவைத்துக்கொண்டிருக்கக் கூடாது.